நிக்குதா, ஓடுதா?

டெல்டாவில் பாசனக் காலத்தில் கடைமடை விவசாயிக்கும் தலைமடைக்காரருக்கும் போனில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, மதகுகிட்ட தண்ணி எவ்வளவு இருக்கு?"

"கரை முட்ட நிக்குதுப்பா."

"நிக்குதா, ஓடுதா?"

வாய்க்காலைப் பற்றிக் கேட்க வேண்டிய சரியான கேள்வி கடைசியாகக் கேட்டதுதான். கரை முட்டத் தண்ணீர் இருப்பது நல்ல செய்தி என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு வாய்க்கால் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதற்கு உயரம் பாதி விடைதான். மீதிப் பாதி வேகம். தண்ணீர் கரை முட்ட இருந்தும் கடைமடை காய்ந்து கிடக்கலாம். அது ஏன் என்று புரிய, வேகத்தைத் தீர்மானிக்கும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வாட்டம், இன்னொன்று சொரசொரப்பு.

ஒரு சின்ன கிளை வாய்க்காலைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மண் வாய்க்கால். அடித்தரை 3 மீட்டர் அகலம், தண்ணீர் 1 மீட்டர் ஆழம். இரண்டு கரைகளும் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் வெளியே சாய்கின்றன. எனவே நீர்மட்டத்தில் அகலம் 5 மீட்டர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தண்ணீரின் பரப்பு 4 சதுர மீட்டர். வாட்டம் 4000க்கு 1, அதாவது ஒரு கிலோமீட்டர் நடந்தால் தரை 25 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். கண்ணால் பார்த்தால் மேடு எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. தட்டையான சமவெளியில் வாய்க்கால்களுக்குக் கிடைப்பது இந்த மாதிரி வாட்டம்தான்.

நாலு டன்னும் ஒரு கிலோவும்

இந்த வாய்க்காலில் ஒரே ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் மனதில் வெட்டி எடுங்கள். அதில் இருக்கும் தண்ணீர் 4 கன மீட்டர், எடை 4 டன். இந்த எடை நேராகக் கீழே அழுத்துகிறது. வாட்டம் இருப்பதால் அதில் ஒரு சிறு பங்கு மட்டும் வாய்க்கால் போகும் திசையில் இழுக்கிறது. எவ்வளவு பங்கு? வாட்டம் எவ்வளவோ அவ்வளவு. 4000 கிலோவில் 4000-ல் ஒரு பங்கு என்றால் ஒரு கிலோ.

நாலு டன் தண்ணீரை முன்னே இழுப்பது ஒரு கிலோ அரிசிப் பையின் எடைதான். வாய்க்காலில் தண்ணீரை ஓட்டும் சக்தி வேறு எதுவும் இல்லை. பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை, குழாயில் இருப்பதுபோல் மோட்டாரின் அழுத்தமும் இல்லை. மேலே திறந்திருக்கும் வாய்க்காலில் தண்ணீர் தன் எடையை மட்டுமே நம்பி ஓடுகிறது.

இந்த ஒரு கிலோ இழுப்பை எதிர்த்து நிற்பது தரையும் கரையும் பிடித்து இழுக்கும் உராய்வு. ஒரு மீட்டர் நீளத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணின் பரப்பு கிட்டத்தட்ட 5.83 சதுர மீட்டர். தரை 3, இரண்டு சாய்ந்த கரைகளும் சேர்ந்து 2.83. ஓடாத தண்ணீருக்கு உராய்வு இல்லை. ஓடத் தொடங்கியதும் உராய்வு பிறக்கிறது, வேகம் கூடக்கூட அதுவும் ஏறுகிறது. எந்த வேகத்தில் உராய்வும் சரியாக ஒரு கிலோ ஆகிறதோ, அங்கே இழுப்பும் பிடிப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் தண்ணீர் வேகம் எடுக்காது. இறக்கத்தில் மிதிக்காமல் விட்ட சைக்கிள் ஓரளவு வேகம் பிடித்தபின் காற்றின் எதிர்ப்பால் அதே வேகத்தில் போவதைப்போல.

இதில் கவனிக்க வேண்டியது, உராய்வு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் உராய்வு நான்கு மடங்கு. அதனால் வாட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகாது, 1.41 மடங்குதான் ஆகும். வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் வாட்டம் நான்கு மடங்காக வேண்டும். சொரசொரப்பின் கணக்கு வேறு. அதைப் பாதியாக்கினாலே வேகம் இரண்டு மடங்கு. சமவெளியில் வாய்க்காலைப் பராமரிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஒரு பாட்டில், ஒரு கைக்கடிகாரம்

வேகத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. வளைவில்லாத, ஒரே அகலமுள்ள இடமாகப் பார்த்துக் கரையில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடுங்கள். காலி பாட்டில் கூடாது, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். முதல் குச்சிக்குச் சற்று மேலேயே வாய்க்காலின் நடுவில் அதைப் போட்டு, முதல் குச்சியைத் தாண்டும்போது நேரம் பார்க்கத் தொடங்குங்கள். நாலைந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

நமது வாய்க்கால் சுத்தமாக இருந்தால் பாட்டில் ஏறக்குறைய 52 நொடியில் இரண்டாவது குச்சியைத் தாண்டும். 30-ஐ 52-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.58 மீட்டர். இது மேல்மட்டத்தின் வேகம். அடியில் தரை பிடித்து இழுப்பதால் அங்கே தண்ணீர் மெதுவாகப் போகும். எனவே 0.85-ஆல் பெருக்கினால் மொத்தத் தண்ணீரின் சராசரி வேகம் கிடைக்கும். நொடிக்கு 0.49 மீட்டர். பரப்பு 4 சதுர மீட்டரால் பெருக்கினால் நொடிக்கு 1.97 கன மீட்டர், நம் வழக்கில் ஏறக்குறைய 70 கனஅடி.

அளக்காமலே இந்த வேகத்தைக் கணக்கிட முடியுமா என்று இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் முயன்றிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக்கு இவெத் ஆற்றின் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவரத் திட்டமிட்டபோது அந்த்வான் ஷெஸி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு சூத்திரம் கண்டார். இன்று உலகமெங்கும் பயன்படுவது அயர்லாந்தின் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்தது. அயர்லாந்து பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த அவர், அப்போது புழக்கத்தில் இருந்த ஏழு சூத்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் தரும் வேகத்தைக் கணக்கிட்டு, சராசரி பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஒன்றை உருவாக்கினார். அடுக்குக்குறி கணக்கிடத் தொல்லையாக இருந்ததால் அவருக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் பெயரில் நிலைத்தது அதுதான்.

V = (1/n) × R^(2/3) × S^(1/2)

V என்பது வேகம், S வாட்டம். R என்பது தண்ணீரின் பரப்பை அது தொடும் மண்ணின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது. நம் வாய்க்காலில் 4-ஐ 5.83-ஆல் வகுத்தால் 0.686 மீட்டர். மண்ணைத் தொடாத தண்ணீர் நடுவில் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இந்த எண் பெரிதாகும். அதனால்தான் பெரிய ஆறு வேகமாகவும், அதே வாட்டத்தில் கொல்லை வாய்க்கால் மெதுவாகவும் ஓடுகிறது. மீதமிருக்கும் n தான் சொரசொரப்பின் எண்.

இந்த n-ஐ அளக்க நேரடிக் கருவி கிடையாது. ஓடும் வாய்க்கால்களில் வேகத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அட்டவணையாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். நன்றாகத் தேய்த்த கான்கிரீட்டுக்கு 0.015 அளவில் இருக்கும். சுத்தமான, நேரான மண் வாய்க்காலுக்கு 0.022 முதல் 0.027 வரை. நீர்மட்டம் வரை செடி மண்டிக் கிடந்தால் 0.05-க்கு மேலே எங்கு வேண்டுமானாலும் போகும். நமது வாய்க்காலுக்கு n 0.025 என்று போட்டால் வேகம் 0.49 வருகிறது. பாட்டில் சொன்னதும் அதுதான்.

செடி முளைத்தபின்

அதே வாய்க்காலுக்கு மூன்று மாதம் கழித்து வாருங்கள். கரையோரம் கோரையும் சம்பும் தண்ணீருக்குள் இறங்கியிருக்கின்றன. நெய்வேலிக் காட்டாமணக்கு கிளைகளைச் சாய்த்திருக்கிறது. பாலத்தடியில் ஆகாயத்தாமரை ஒரு பாயைப்போல் அடைத்திருக்கிறது. n இப்போது 0.05. வாட்டம் மாறவில்லை, அகலமும் மாறவில்லை. அளவுகோலில் தண்ணீர் அதே ஒரு மீட்டர் காட்டுகிறது. பாட்டிலைப் போட்டால் 30 மீட்டரைக் கடக்க ஒன்றே முக்கால் நிமிடம் ஆகிறது. வேகம் நொடிக்கு 0.25 மீட்டர் மட்டுமே. 70 கனஅடி போன இடத்தில் 35 போகிறது.

நாலு டன்னை இழுப்பது ஒரு கிலோ மட்டும்தான் என்று பார்த்தோமே, இப்போது ஒவ்வொரு தண்டும் இலையும் அந்த ஒரு கிலோவில் பங்கு கேட்கின்றன. இழுப்பு கூடவில்லை. ஆகவே தண்ணீர் வேகத்தைக் குறைத்துத்தான் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் அளவுகோலைப் பார்த்து, இத்தனை உயரத்துக்கு இத்தனை கனஅடி என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியல் சுத்தமான வாய்க்காலில் அளந்து போட்டது. செடி மண்டியபின் ஒரு மீட்டருக்கு நேரே 70 என்று பதிவாகும், ஆனால் போவது 35. யாரும் பொய் எழுதவில்லை, ஆனாலும் ஏட்டில் பாதித் தண்ணீர் இல்லாத தண்ணீர். தலைமடைக்காரர் கரை முட்ட நிற்கிறது என்று சொன்னதும் கடைமடைக்காரர் வரவில்லை என்று சொன்னதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

சரி, மதகை இன்னும் தூக்கி அதே 70 கனஅடியை உள்ளே தள்ளினால்? தள்ளலாம். ஆனால் பாதி வேகத்தில் அத்தனை தண்ணீர் போக இடம் வேண்டும். நீர்மட்டம் 1 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 1.47 மீட்டருக்கு உயரும். கரையை நீர்மட்டத்துக்கு மேலே அரை மீட்டர் விட்டுக் கட்டியிருந்தால் மிச்சம் இருப்பது மூன்று சென்டிமீட்டர். ஓர் எலி வளை போதும், கரை உடைய. அடைப்பு எங்கோ கீழே இருக்க, உடைப்பு மேலே ஏற்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

அது தானாகவே வளரும் நோயும்கூட. நொடிக்கு 0.6, 0.7 மீட்டருக்குக் குறைந்தால் வண்டல் படியத் தொடங்கும், செடியும் எளிதில் வேர் பிடிக்கும். செடி வந்தால் வேகம் இன்னும் குறையும், வண்டல் இன்னும் படியும். நமது மாதிரி வாய்க்கால் சுத்தமாக இருக்கும்போதே 0.49-தான். அதற்கு ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும் என்பது அதன் வாட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

தோண்டினால் வாட்டம் வருமா?

வேகம் குறைந்தால் ஊரில் முதலில் கேட்பது பொக்லைன். தூர்வாருவது நல்லதுதான். ஆனால் எதற்காக என்று தெரிந்து தூர்வார வேண்டும். சூத்திரத்தில் வரும் வாட்டம் நடைமுறையில் நீர்மட்டத்தின் வாட்டம். தண்ணீர் ஒரே சீராக ஓடும்போது தரையும் நீர்மட்டமும் ஒரே அளவில் சாயும், அப்போது இரண்டும் ஒன்று. இல்லாதபோது நீர்மட்டம் சாய்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

200 மீட்டர் நீளத்துக்கு மட்டும் 30 சென்டிமீட்டர் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்? அந்த இடத்தில் ஒரு குட்டை உருவாகும். அதன் கீழ்முனையில் பழைய தரை ஒரு படிபோல நிற்கும். தண்ணீர் அந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். குட்டைக்குள் தண்ணீர் ஆழமாக இருக்கும், நீர்மட்டம் தட்டையாக இருக்கும், வேகம் இருக்காது. அடுத்த ஆண்டு வண்டல் வந்து முதலில் நிரப்புவது அந்தக் குழியைத்தான்.

நமது வாய்க்காலில் ஒரு கிலோமீட்டருக்கு மொத்த இறக்கமே 25 சென்டிமீட்டர். தரைமட்டத்துக்கு மேலே 25 சென்டிமீட்டர் தூக்கிப் போட்ட ஒரு சிறு பாலத்தின் அடித்தளமோ, வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போட்ட மணல்மூட்டைத் தடுப்போ, மேலே ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு வாட்டத்தைத் தின்றுவிடும் அளவு பெரியது. கீழே உள்ள ரெகுலேட்டரில் ஷட்டரை இறக்கினால் நடப்பதும் இதேதான். ஆகவே லெவல் கருவி வைத்துக் குறித்த மட்டத்துக்கு, முழு நீளத்துக்கும் வாரினால்தான் பலன். அப்படி வாரும்போது பழைய வாட்டம் திரும்புகிறது, செடி வேரோடு போவதால் n குறைகிறது. இந்த இரண்டில் பெரிய லாபம் பல நேரங்களில் இரண்டாவதுதான்.

வாட்டம் கூடினாலும் வம்பு

வாட்டத்தை நான்கு மடங்கு கொடுத்து, ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தால் நமது வாய்க்காலின் வேகம் நொடிக்கு 0.98 மீட்டர் ஆகும். சாதாரண மண் தாங்குவது பொதுவாக 0.6 முதல் 0.9 வரைதான். அதற்கு மேல் போனால் தரையை அரித்துக்கொண்டு போகும்.

இதற்குப் பெரிய பாடம் வடக்கே கிடைத்தது. பிராபி காட்லி கட்டிய கங்கைக் கால்வாய் 1854-இல் திறக்கப்பட்டது. மேல்பகுதியில் வாட்டம் அதிகமாகிவிட்டதால் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடித் தரையை அரித்தது, கட்டுமானங்களுக்கு ஆபத்து வந்தது, பின்னால் திருத்த வேண்டியிருந்தது. அந்த வாட்டத்தைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன். இன்று நிலம் செங்குத்தாக இறங்கும் இடங்களில் கால்வாயைச் சாய்த்து ஓட்டுவதில்லை. மெல்லிய வாட்டத்தில் கொண்டுபோய், மிஞ்சும் உயரத்தை இடையிடையே கல்லிலோ கான்கிரீட்டிலோ கட்டிய படியில் விழவைத்துத் தீர்க்கிறார்கள்.

கான்கிரீட் போட்டால் தீர்ந்ததா?

நமது வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூச்சு போட்டால் n 0.015. அதே ஒரு மீட்டர் ஆழத்தில் வேகம் 0.82, போகும் தண்ணீர் 116 கனஅடி. ஆனால் அணையிலிருந்து வருவது அதே 70-தான் என்றால்? தண்ணீர் வேகமாகப் போவதால் மட்டம் இறங்கும். ஒரு மீட்டர் நின்ற இடத்தில் 75 சென்டிமீட்டர்தான் நிற்கும். பழைய மட்டத்தை வைத்துப் பொருத்திய பக்க மதகுகளில், மேட்டு வயலுக்குப் போகும் மதகின் வாய்க்குத் தண்ணீர் எட்டாமல் போகலாம். தடுப்புக் கட்டி மட்டத்தை உயர்த்தினால் எட்டும், ஆனால் அங்கே வேகம் மறுபடி குறையும். மதகுகளையும் சேர்த்து மாற்றியமைக்காத கான்கிரீட் வேலை பாதி வேலைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கீழ்பவானிக் கால்வாய் பவானிசாகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மண் கால்வாயாக வெட்டப்பட்ட அதற்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்றது ஓர் அணி. கசியும் தண்ணீர்தான் எங்கள் கிணறுகளுக்கு ஊற்று என்றது இன்னோர் அணி. இரண்டும் நியாயமான கவலை. சூத்திரம் வேகத்தைச் சொல்லும், யாருக்கு எவ்வளவு கசிவு வேண்டும் என்பதைச் சொல்லாது. அது உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது.

ஆனால் கான்கிரீட்டா மண்ணா என்ற வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. செடியை அறுப்பது. சுத்தமான மண்ணிலிருந்து கான்கிரீட்டுக்குப் போனால் நமது வாய்க்காலின் வேகம் 1.67 மடங்காகிறது. செடி மண்டிய மண்ணிலிருந்து சுத்தமான மண்ணுக்கு வந்தாலே இரண்டு மடங்காகிறது. ஒரே ஆழத்தில் இரண்டாவதுதான் பெரிய பாய்ச்சல், செலவும் குறைவு.

உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் வாரம், மேலே சொன்ன மாதிரி 30 மீட்டருக்குக் குச்சி நட்டுப் பாட்டில் போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். அன்றைய நீர்மட்டத்தையும் பாலத்துச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை, தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும் நாளாகப் பார்த்து மறுபடி அளந்து பாருங்கள். 52 நொடி 70 நொடியானால், கோடு மாறாமலே நான்கில் ஒரு பங்கு தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள். மனுவில் "தண்ணீர் வரவில்லை" என்று எழுதுவதைவிட அந்த இரண்டு எண்களை எழுதுங்கள். அரிவாளை எடுக்க வேண்டிய நாள் எது என்பதையும் அவையே சொல்லிவிடும்.